மூக்கில் இருப்பது கரும்புள்ளியா, எண்ணெய் இழையா? போர் ஸ்ட்ரிப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மூக்கின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். ஸ்ட்ரிப் ஒட்டினால் போகுமா, பார்லரில் எடுத்துவிடலாமா, மருந்துக் கடை ஜெல்லைத் தடவலாமா என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஒருமுறையாவது ஸ்ட்ரிப்பை ஒட்டிப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள். உரித்ததும் அதில் முள்முள்ளாக நிறைய ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் மூக்கு பழையபடியே இருக்கும். ஸ்ட்ரிப் போலியா, ஒட்டிய விதம் தப்பா என்ற சந்தேகத்தில் அடுத்த பாக்கெட்டை வாங்குவார்கள்.

பெரும்பாலும் ஸ்ட்ரிப்பிலும் கோளாறு இல்லை, ஒட்டிய கையிலும் கோளாறு இல்லை. அந்த மூக்கில் இருந்தது கரும்புள்ளியே அல்ல. செபேஷியஸ் ஃபிலமென்ட் என்று தோல் மருத்துவர்கள் சொல்லும் எண்ணெய் இழை அது. எல்லோருடைய மூக்கிலும் உண்டு, எடுத்தாலும் திரும்ப வரும், வரவும் வேண்டும். ஆகவே எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், இருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம். அது துளையின் எந்த ஆழம் வரை வேலை செய்கிறது? பலன் எவ்வளவு நாள் நிற்கிறது? தோலுக்கு என்ன சேதம் செய்யும்? மாதா மாதம் எவ்வளவு பணமும் பொறுமையும் கேட்கும்?

இவற்றில் மூன்றாவது கேள்விக்கு நம் ஊரில் எடை கூடுதல். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சின்னக் காயமோ எரிச்சலோ ஏற்பட்டாலே அந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். சாம்பல் நிறப் புள்ளியை எடுக்கப் போய் பழுப்பு நிறத் திட்டை வாங்கி வருவது அபூர்வமல்ல. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய அழகுக் குறிப்புகளில் இந்தச் செலவு கணக்கிலேயே வராது.

## துளைக்குள் என்ன இருக்கிறது

மூக்கின் தோலில் உள்ள முடித்துளைகள் தலைமுடித் துளைகளைப் போன்றவை அல்ல. உள்ளே இருக்கும் முடி கண்ணுக்கே தெரியாத பூமுடி. ஆனால் அதையொட்டிய எண்ணெய்ச் சுரப்பி பெரிது, வாயும் அகலம். சுரக்கும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே ஏறித் தோலில் பரவ வேண்டும். துளையின் உட்சுவரிலிருந்து உதிரும் செத்த செல்கள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரு மெல்லிய குழாயாகின்றன. அந்தக் குழாய்க்குள் எண்ணெய், அந்தப் பூமுடி, தோலில் இயல்பாக வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா ஆகியவை இருக்கும். இதுதான் எண்ணெய் இழை. இதில் அடைப்பு கிடையாது. எண்ணெய் இதனூடே வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

கரும்புள்ளியில் அந்த ஓட்டம் நின்றுபோயிருக்கும். துளையின் மேற்பகுதியில் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் அதன் பின்னால் தேங்கும். கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இந்த அடைப்பு உள்ளே தொடங்கிவிடும். நாளாக ஆக அடைப்பு இறுகி, வாயை விரித்துக்கொண்டு வெளியே தலைகாட்டும். வாய்க்குக் கீழே அது இன்னும் அகலமாக உப்பியிருக்கும். இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஸ்ட்ரிப் ஏன் தோற்கிறது என்று பார்க்கும்போது தேவைப்படும்.

அதன் கறுப்புக்கு அழுக்கு காரணமில்லை. தோலின் நிறமியான மெலனினும், காற்றுபட்டு மாறிய கொழுப்பும் சேர்ந்து தரும் நிறம் அது. அதனால் எத்தனை தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் சிவக்கும்.

## இரண்டையும் பிரித்துப் பார்ப்பது

முகத்தை மிதமான ஃபேஸ்வாஷால் கழுவித் துடைத்து, அரை மணி நேரம் எதுவும் தடவாமல் விடுங்கள். பிறகு பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும் ஜன்னல் ஓரத்தில் நின்று, முதலில் ஒரு முழம் தள்ளி, அப்புறம் கிட்டத்தில் பாருங்கள். கைப்பேசி கேமராவை முழுவதும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம்; அப்படிப் பார்த்தால் யார் மூக்கும் சல்லடைதான். நகம் படாமல் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். கடைசியாக மூக்கு நுனியின் இரு பக்கத் தோலையும் இரண்டு விரலால் லேசாக வெளிப்புறம் இழுத்துப் பிடியுங்கள். எண்ணெய் இழைகள் இழுத்த தோலில் மங்கும். கரும்புள்ளி அப்படியே கறுப்பாக நிற்கும்.

| பார்க்க வேண்டியது | எண்ணெய் இழை | உண்மையான கரும்புள்ளி |
|---|---|---|
| நிறம் | சாம்பல், வெளிர் மஞ்சள், இளம் பழுப்பு | அடர் பழுப்பு அல்லது கறுப்பு |
| பரவல் | மூக்கு நுனியிலும் பக்கங்களிலும் சம இடைவெளியில், நிறைய | அங்கொன்றும் இங்கொன்றும் |
| அளவு | ஏறக்குறைய எல்லாம் ஒன்றுபோல | பெரிதும் சிறிதுமாக |
| தொட்டால் | சமதளம், ஒன்றும் தட்டுப்படாது | பல நேரம் சற்றே மேடு, உறுதியாகத் தட்டுப்படும் |
| வெளியே வருவது | மென்மையான வெளிர் நூல் | கெட்டியான குச்சி, நுனி கறுப்பு |
| மற்ற இடங்கள் | கன்னத்தின் உட்பகுதி, முகவாய், நெற்றியிலும் மங்கலாக | முகவாய், காது மடல், முதுகு. பக்கத்தில் பரு இருக்கலாம் |
| எடுத்த பின் | சில நாளில் நிரம்பத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் பழைய நிலை | முழுதாக வந்துவிட்டால் உடனே வராது |

வெளியே வருவது எது என்ற வரியைச் சோதிக்க மூக்கைப் பிதுக்க வேண்டியதில்லை. மற்ற அடையாளங்களே போதும்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். சிலருக்கு ஒரே துளைக்குள் உதிர வேண்டிய பூமுடிகள் உதிராமல், பத்தும் அதற்கு மேலுமாகக் கட்டுப்போலச் சேர்ந்துவிடும். ட்ரைக்கோஸ்டாசிஸ் ஸ்பினுலோசா என்று இதற்குப் பெயர். பார்வைக்கு அச்சாகக் கரும்புள்ளிதான். ஆனால் விரல் வைத்தால் சொரசொரவென்று முள் குத்துவதுபோல இருக்கும். சின்ன இடுக்கியால் பிடித்தால் முடிக்கற்றை உருவி வரும். நடு வயதுக்காரர்கள் கறுத்த, சொரசொரப்பான மூக்கோடு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, வணிக வளாகங்களிலும் சில பார்லர்களிலும் ஊதா விளக்குக் கேமராவில் முகத்தைக் காட்டி, மூக்கு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் புள்ளிகளை ‘உள்ளே இருக்கும் அழுக்கு’ என்று சொல்வார்கள். கியூட்டிபாக்டீரியம் தயாரிக்கும் போர்ஃபிரின் என்ற பொருள்தான் அந்த ஒளிர்வு. எண்ணெய் சுரக்கும் எந்த ஆரோக்கியமான மூக்கும் அந்த விளக்கில் அப்படித்தான் மின்னும். அந்தப் படத்தை நம்பி பேக்கேஜ் எடுக்க வேண்டாம்.

## வழி 1: போர் ஸ்ட்ரிப்

ஜப்பானின் காவோ நிறுவனம் 1990களில் பியோரே என்ற பெயரில் மூக்கு ஸ்ட்ரிப்பைப் பரவலாக்கியது. பிளாஸ்டரைப் போல எப்போதும் ஒட்டும் பசை அதில் இல்லை. நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு பாலிமர், காய்ந்த நிலையில் துணிமேல் பூசப்பட்டிருக்கும். ஈரமான மூக்கில் வைத்ததும் அது இளகித் துளைகளின் வாய்வரை இறங்கும். 10 முதல் 15 நிமிடத்தில் உலர்ந்து விறைக்கும். துளையில் இருக்கும் பொருளின் எதிர்மின்னூட்டத்தோடு பிணைந்து, உரிக்கும்போது அதையும் சேர்த்து இழுத்து வருகிறது. நல்ல யோசனைதான். ஏமாற்றம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

எண்ணெய் இழையை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரிப் அதைப் பிடிக்கிறது, இழுக்கிறது, நிறையவே வருகிறது. ஆனால் இழையைச் செய்யும் சுவரும் சுரப்பியும் உள்ளே அப்படியே இருக்கின்றன. சுவர் செல்லை உதிர்த்துக்கொண்டே இருக்கும், சுரப்பி எண்ணெயைச் சுரந்துகொண்டே இருக்கும். குழாயைத் துடைத்ததால் குழாய்த் தண்ணீர் நின்றுவிடாது என்பதுபோலத்தான் இதுவும். உரித்த அன்று மூக்கு வழுவழுவென்று, துளைகள் சிறுத்ததாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. துளை காலியானதால் நிறம் மறைகிறது, இழுத்ததில் தோல் லேசாக வீங்கித் துளையின் விளிம்பை மூடுகிறது. வீக்கம் வடிந்ததும் துளை பழைய அளவுக்கு வந்துவிடும். துளையின் அளவைத் தீர்மானிப்பவை பரம்பரை, எண்ணெய்ச் சுரப்பு, வயதோடு தளரும் தோல் ஆகியவை. ஸ்ட்ரிப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உண்மையான கரும்புள்ளியிலோ கதை நேர் எதிர். முன்பு சொன்ன வடிவம் இங்கேதான் காரணமாகிறது. வாய் குறுகி, உள்ளே அகன்று, சுவரோடு இறுகிய அடைப்பு அது. மேலிருந்து இழுத்தால் தலை மட்டும் முறிந்து வரும்; உடல் உள்ளே நின்றுவிடும். கறுத்த நுனி போனதால் இரண்டு மூன்று நாள் மறைந்ததுபோல இருக்கும். உள்ளிருக்கும் பகுதி மேலே வந்து காற்றுபட்டதும் மறுபடி கறுக்கும். ஆழமில்லாத, இளகிய கரும்புள்ளிகள் சில முழுதாக வருவதுண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக, எளிதாக வருவதை எடுத்துப் பயனில்லை, எடுக்க வேண்டியதோ எளிதாக வருவதில்லை.

மறைமுகச் செலவு தோலில்தான். துளையில் இருப்பதோடு தோலின் மேலடுக்கையும் பூமுடிகளையும் ஸ்ட்ரிப் உரித்து வருகிறது. பருவுக்குத் தரும் அடாபலீன், ட்ரெட்டினாயின், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை ஆகியவற்றில் எதையாவது பயன்படுத்துபவருக்கு மேலடுக்கு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அவருக்கு ஸ்ட்ரிப்போடு தோலே பிய்ந்து வரலாம். அந்தக் காயம் ஆறும்போது மூக்கு நுனியிலும் பக்கங்களிலும் கறுத்த தடம் நிற்கும். முகம் அடிக்கடி சிவந்துபோகும் ரோசேஷியா என்ற தோல் நோய் உள்ளவர்களும், மூக்கில் சிவப்பு ரத்தநாளங்கள் தெரிபவர்களும், வெயிலில் தோல் எரிந்தவர்களும் இதைத் தொடவே கூடாது.

அப்படியென்றால் ஸ்ட்ரிப் யாருக்கு? சொரசொரப்பான முடிக்கற்றை உள்ளவருக்கு உண்மையிலேயே உதவும். முடிகள் கொத்தாக வந்துவிடும், ஆனால் சில வாரங்களில் மறுபடியும் சேரும். நாளை கல்யாண ரிசப்ஷன், மூக்கு ஒரு நாள் சுத்தமாகத் தெரிந்தால் போதும் என்பவருக்கும் ஓரளவு சரி. ஆனால் முதல்முறையாக அதை அந்த ரிசப்ஷனுக்கு முந்தின நாள் ஒட்டிப் பார்க்க வேண்டாம். ஒட்டுவதானால் மூக்கில் கிரீமோ எண்ணெயோ இருக்கக் கூடாது. மூக்கை நன்றாக நனையுங்கள், கையை உலர்த்துங்கள். 15 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். விறைத்துவிட்டால் ஓரங்களைத் தண்ணீரால் நனைத்து, இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி மெல்ல உரியுங்கள். மிச்சப் பசையைக் கழுவி மாய்ஸ்சரைசர் பூசுங்கள். பாக்கெட்டில் மூன்று நாளுக்கு ஒருமுறை என்று போட்டிருந்தாலும், மாநிறத் தோலுக்கு மாதம் ஒன்றிரண்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

என் கணக்கில் ஸ்ட்ரிப்பின் உண்மையான பயன் சிகிச்சையைவிடச் சோதனையில்தான் இருக்கிறது. தோல் மருத்துவத்திலும் இதே உத்தி உண்டு. கண்ணாடித் தகட்டில் சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு வைத்து, தோலில் அழுத்தி உரித்து, நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை மார்க்ஸ், டாபர் என்ற இரு மருத்துவர்கள் 1971இல் வெளியிட்டார்கள். துளைக்குள் இருப்பது எதுவென்று அது காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே ஸ்ட்ரிப் ஒட்டியவர் உரித்ததைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். ஒரே உயரத்தில் வெளிர் நூல்கள் வரிசையாக நின்றால் எண்ணெய் இழை. ஒவ்வொரு முள்ளிலும் கறுப்பு முடிக்கொத்து இருந்தால் ட்ரைக்கோஸ்டாசிஸ். நுனி கறுத்த கட்டையான துண்டுகள் இரண்டோ மூன்றோ இருந்தால் அவை கரும்புள்ளிகள்; பெரும்பாலும் அரைகுறையாக முறிந்தவை.

முட்டை வெள்ளைக்கருவும் டிஷ்யூவும், கரி கலந்த உரிக்கும் மாஸ்க் ஆகியவையும் இதே வகைதான். முன்னது பலவீனமான ஸ்ட்ரிப். பின்னது முகம் முழுக்கப் பூமுடியைப் பிடுங்கும் ஸ்ட்ரிப்.

## வழி 2: சாலிசிலிக் ஆசிட்

எண்ணெய் இழை கண்ணை உறுத்துகிறது, எதையாவது செய்தே ஆக வேண்டும் என்பவர் முதலில் போக வேண்டிய இடம் இது. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும். அதனால் துளைக்குள் இறங்கி, செத்த செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒட்டுதலைத் தளர்த்துகிறது. இழை மெலிகிறது, நிறம் மங்குகிறது. இழை இல்லாமல் போகாது. கண்ணில் படுவது குறையும்.

கழுவிவிடும் ஃபேஸ்வாஷைவிட, தடவி விட்டுவிடும் 2% சீரமோ லோஷனோ அதிகம் பலன் தரும். தோலோடு இருக்கும் நேரம்தான் காரணம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று இரவு, முகம் கழுவித் துடைத்து, மூக்குக்கும் அதன் பக்கங்களுக்கும் இரண்டு மூன்று சொட்டு. எரிச்சல் இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். மேலே எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர். மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். நிறுத்தினால் ஒரு மாதத்தில் பழைய நிலை வரும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் வழக்கமாகக் கெட்டுப்போவது அவசரத்தால்தான். தினமும் இருவேளை தடவி, கூடவே ஸ்க்ரப்பும் போட்டு, ஒரு வாரத்தில் மூக்கோரம் தோலுரிந்து பளபளக்கும். அந்த வறண்ட செதில்களே துளை வாயில் படிந்து புள்ளிகளை இன்னும் எடுப்பாகக் காட்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னும் அதிகம் தடவுவார்கள். செதில் தெரிந்தால் ஒரு வாரம் முழுவதும் நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

கரும்புள்ளிக்கும் இது உதவும், மெதுவாக. இறுகிப்போன பெரியவற்றை இது மட்டும் வெளியேற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## வழி 3: அடாபலீன் 0.1% ஜெல்

இருப்பது கரும்புள்ளிதான் என்று தெரிந்தால், மூலகாரணத்தைத் தொடுவது இதுதான். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. துளைச் சுவர் செல்களை எப்படி உதிர்க்கிறது என்பதையே சீர்செய்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கிக்கொண்டிருக்கும் அடைப்புகளும் இதனால் நிற்கும். அமெரிக்காவில் 2016 முதல் சீட்டு இல்லாமல் விற்கிறார்கள். இங்கே மருத்துவர் எழுதித் தந்து வாங்குவதே முறை.

இரவில் முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, பட்டாணி அளவு முகம் முழுமைக்கும். புள்ளிமேல் மட்டும் வைத்தால் பாதிப் பலன்தான். அடுத்து வரவிருக்கும் அடைப்பு பக்கத்துத் துளையில் இருக்கிறது. மூக்கோர மடிப்பு, உதட்டோரம், கண்ணைச் சுற்றி ஆகிய இடங்களில் மருந்து தேங்கிப் புண்ணாக்கும். அங்கே முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிவிடலாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

இதன் விலை பணத்தைவிடப் பொறுமையில். முதல் மாதம் வறட்சி, சிவப்பு, சிலருக்குப் பருவும் கூடும். 8 முதல் 12 வாரம் வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆறாவது வாரம் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நிறுத்துபவர்கள் நிறைய. கஷ்டப்பட வேண்டியதைப் பட்டுவிட்டுப் பலன் வரும் நேரத்தில் விடுகிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தும் காலத்தில் ஸ்ட்ரிப், மேலுதட்டு வேக்சிங் இரண்டும் வேண்டாம்.

வெறும் எண்ணெய் இழைக்கு இதைத் தொடங்குவது தேவைக்கு மிஞ்சிய மருந்து. பருவுக்காக ஏற்கெனவே போடுபவருக்கு இழையும் மங்கும், அது போனஸ்.

## வழி 4: மருத்துவரிடம் எடுப்பது

எண்ணிக்கையில் குறைவாக, பெரிதாக, மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கரும்புள்ளிகளுக்கு இதுதான் நேர்வழி. தோல் மருத்துவர் மெல்லிய ஊசி நுனியால் வாயைச் சற்றே அகலமாக்கி, வளையம் கொண்ட கருவியை வைத்து நேராக அழுத்துவார். முழு அடைப்பும் ஒரே துண்டாக வரும். அதற்கு முன் நான்கைந்து வாரம் அடாபலீன் போட்டிருந்தால் அடைப்பு இளகி எளிதாக வரும். பின்னாலும் ஜெல்லைத் தொடராவிட்டால் புதியவை வரும்.

எண்ணெய் இழைக்கு இது வீண். ஒரு மாதத்தில் நிரம்பப்போவதை எடுக்க யாரும் மாதா மாதம் கிளினிக்குக்கு அலைய வேண்டியதில்லை.

## வழி 5: பார்லர் கிளீனப்பும் சொந்த நகமும்

பார்லரில் ஆவி பிடித்து, வளையக் கருவியால் மூக்கு முழுவதும் அழுத்துவார்கள். ஆவியில் துளை திறக்கும் என்பது சரியல்ல. துளையைத் திறந்து மூட அங்கே தசை கிடையாது. எண்ணெய் இளகுவது மட்டும் உண்மை. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் எது இழை, எது கரும்புள்ளி என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் அழுத்துகிறார்கள். காகிதத்தில் துடைத்துக் காட்டும் வெண்மஞ்சள் நூல்கள் எல்லாம் இழைகள். வலியும் சிவப்பும் அதற்காகப் பட்டவை. கருவி கொதிக்கவைத்ததா, ஒருவருக்குப் பயன்படுத்தியது அடுத்தவருக்கும் போகிறதா என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நகம் இதையும்விட மோசம். நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் நெரிப்பதால் துளைச்சுவர் உள்ளுக்குள் கிழிந்து, அடைப்பு தோலுக்கடியில் சிதறி, இல்லாத பரு உருவாகும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் பற்றி ஒரே வரி: முதலாவது வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும், இரண்டாவது தோலின் அமிலத்தன்மையைக் கெடுக்கும்.

## ஒரு மூக்கை எடுத்துப் பார்ப்போம்

22 வயதுக் கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். மாநிறம், எண்ணெய்ச் சருமம். வாரா வாரம் ஸ்ட்ரிப். மூக்கு நுனியிலும் பக்கங்களிலும் ஒரே அளவில் சாம்பல் புள்ளிகள் நிறைய. தோலை இழுத்தால் மங்குகின்றன. இடது மூக்கோர மடிப்பில் நான்கு, முகவாயில் மூன்று புள்ளிகள் மட்டும் நல்ல கறுப்பு. விரலில் தட்டுப்படுகின்றன, இழுத்தாலும் மாறவில்லை. நெற்றியில் நிறமில்லாத சின்னச் சின்ன மேடுகளும் உண்டு. நுனியில் லேசாகக் கறுத்த ஒரு திட்டு. அது ஸ்ட்ரிப் தந்தது.

அவர் பார்வையில் இவை எல்லாமே ‘பிளாக்ஹெட்ஸ்’. உண்மையில் கரும்புள்ளி ஏழுதான். சாம்பல் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சாலிசிலிக் போதும். ஆனால் முகவாய்ப் புள்ளிகளும் நெற்றி மேடுகளும் சேர்ந்து இது பருவின் தொடக்கம் என்று சொல்கின்றன. நெற்றி மேடுகள் வாய் மூடிய அடைப்புகள். ஆகவே மருத்துவரைப் பார்த்து அடாபலீனில் தொடங்குவதே சரி.

முதல் வேலை ஸ்ட்ரிப்பை நிறுத்தி, இரண்டு வாரம் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் மட்டும் போட்டுத் தோலை ஆறவிடுவது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அடாபலீன். தாங்கினால் ஐந்தாவது வாரத்திலிருந்து தினமும். சாலிசிலிக்கை இப்போது சேர்க்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து உரித்தால் அந்தத் திட்டு இன்னும் கறுக்கும். எட்டாவது வாரத்தில் முகவாய்ப் புள்ளிகள் இளகத் தொடங்கியிருக்க வேண்டும். 14ஆவது வாரத்திலும் மூக்கோர மடிப்பில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அவற்றை மட்டும் மருத்துவர் எடுத்துவிடலாம். நுனியின் சாம்பல் புள்ளிகள் அதற்குள் மங்கியிருக்கும். மறையாது. மறையவில்லையே என்று மருந்தைக் கூட்டக் கூடாத இடம் அது.

இதே மாணவிக்கு முகவாயிலும் நெற்றியிலும் எதுவும் இல்லாமல் மூக்கில் சாம்பல் புள்ளிகள் மட்டும் இருந்திருந்தால், சும்மா விடுவதும் முழு மரியாதையுள்ள ஒரு வழி. உறுத்தினால் வாரம் மூன்று இரவு சாலிசிலிக். செலவு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு குப்பி. வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 52 ஸ்ட்ரிப் ஆகும் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

## இந்தப் பட்டியலில் சேராதவை

முகப்பொலிவுக்கு என்று மருந்துக் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பல மாதம் போட்டவருக்குத் திடீரென்று கரும்புள்ளிகளும் பருக்களும் கூடினால், காரணம் அந்தக் கிரீமாக இருக்கலாம். அதன் மேலேயே அடாபலீனோ ஸ்ட்ரிப்போ போடுவது நிலைமையைக் கெடுக்கும். ட்யூபோடு மருத்துவரிடம் போங்கள்.

நடு வயது தாண்டியவருக்கு ஒரே ஒரு துளை மட்டும் பெரிதாக விரிந்து கறுப்பாக நின்றால், அது வைனர் துளை எனப்படும் தீங்கில்லாத கட்டியாக இருக்கலாம். பிதுக்கினால் நிரந்தரமாகப் போகாது; வேண்டுமானால் சிறு அறுவையில் எடுத்துவிடுவார்கள். ஆனால் மூக்கில் ஒரு கறுத்த புள்ளி மெல்ல வளர்கிறது, ஓரம் முத்துப்போல மினுங்குகிறது, தொட்டால் ரத்தம் கசிந்து பொருக்குத் தட்டி ஆறாமல் மறுபடி கசிகிறது என்றால் அதைக் கரும்புள்ளிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று அப்படித் தொடங்குவதுண்டு. அதன்மேல் எதையும் ஒட்டாமல், எதையும் தடவாமல், அதே வாரம் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.